காண்டாக்ட் ஷீட்டில் உள்ள குட்டிக் குறிப்புகளைப் படியெடுக்கும்போது வரும் கோளாறுகள்

ஒரே தாளில் நாற்பது ஐம்பது சிறு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் எறும்பு அளவில் ஒரு வரி. அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யவேண்டும். கேட்டால் ஒரு மணி நேர வேலைபோல் இருக்கும். எனக்கு மூன்று நாள் ஆனது, அதில் இரண்டு நாள் தப்பாகச் செய்ததைத் திருத்தவே போனது. என்ன கோளாறு கண்ணில் பட்டால் எங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். உதாரணம் எல்லாமே ஒரு தாளிலிருந்துதான்.

அந்தத் தாள், நண்பனின் மாமா 2009 ஜனவரியில் வேடந்தாங்கலில் எடுத்த பறவைப் படங்களின் தொகுப்பு. ஆறு நிரல், எட்டு வரிசை, ஆக 48 கட்டம். கடைசி மூன்று காலி என்பதால் படங்கள் 45. ஒவ்வொன்றின் கீழும் கேமரா கொடுத்த எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் பறவையின் பெயரும் இருக்கின்றன: "0417 நத்தை குத்தி நாரை" என்பதுபோல. மூலப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் எப்போதோ போய்விட்டது. மிச்சம் இந்த ஒரு படக்கோப்பு மட்டும்தான்.

பெரிதாக்கினால் எழுத்து தெளிவதற்குப் பதில் கரைகிறது

முதலில் செய்யவேண்டியது பெரிதாக்குவது அல்ல. கோப்பின் பிக்சல் அளவைப் பாருங்கள். எனக்கு அரட்டைச் செயலி வழியாக முதலில் வந்த கோப்பு 1131 × 1600. ஆறு நிரல் என்றால் ஒரு கட்டத்துக்கு 188 பிக்சல் அகலம். அதற்குள் நான்கு இலக்கம், இடைவெளி, அப்புறம் "நத்தை குத்தி நாரை" முழுவதும் அடங்கவேண்டும். ஒரு எழுத்தின் உடலுக்கு ஆறு பிக்சல் உயரம்கூடத் தேறவில்லை. புள்ளிக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதுவும் பக்கத்துச் சாம்பல் நிறத்தில் கலந்து போயிருந்தது.

1131 × 1600 என்ற அளவே ஒரு தடயம். ஏ4 தாளை 300 டிபிஐயில் உருவாக்கினால் 2480 × 3508 வரும். அதன் நீள்பக்கத்தை 1600க்குச் சுருக்கினால் அகலம் சரியாக 1131. அதாவது என் கையில் இருந்தது மூலம் அல்ல, வழியில் சுருங்கிய நகல். மாமாவிடம் அதே கோப்பைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொன்னோம். 2480 × 3508 வந்தது. எழுத்து இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதானது, புள்ளிகள் திரும்பி வந்தன.

அளவு சரியாக இருந்தும் எழுத்தைச் சுற்றிப் புழுதி பறந்ததுபோல் இருந்தால் அது ஜேபிஜி அழுத்தம். ஜேபிஜி படத்தை 8 × 8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. எழுத்தே பத்துப் பதினைந்து பிக்சல் உயரம்தான் என்றால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு மூன்று சதுரங்களில் சிதறும். இதை யாராலும் மீட்க முடியாது, ஆனால் இன்னும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். வெட்டும் துண்டுகளை மறுபடி ஜேபிஜியாகச் சேமிக்காதீர்கள், பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.

கூர்மையாக்கும் வசதியை எச்சரிக்கையோடு தொடுங்கள். அது இல்லாத விளிம்பை உண்டாக்கும். நான் ஒரு "3"ஐக் கூர்மையாக்கிக் கூர்மையாக்கி "8" ஆக்கியிருக்கிறேன்.

ஓசிஆர் கொடுத்தால் ஒரு வரியில் ஆறு பறவை வருகிறது

படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் மென்பொருளிடம் முழுத் தாளையும் அப்படியே கொடுத்தால் இதுதான் நடக்கும். ஒரே மட்டத்தில் இருக்கும் ஆறு குறிப்புகளை அது ஒரே வாக்கியமாகப் படிக்கிறது. "0407 வக்கா 0408 பாம்புத்தாரா 0410 சின்ன" என்று ஓடும், இடையில் எங்கே கட்டம் முடிந்தது என்று தெரியாது. கண்ணால் படிப்பவர்களுக்கும் இதே வியாதி உண்டு. பெரிதாக்கிய திரையில் நகர்த்திக்கொண்டே போகும்போது நாம் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதே மறந்துவிடும்.

மருந்து ஒன்றுதான். தாளை 48 துண்டாக வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு துண்டை மட்டும் திறப்பது. கட்டளை மூலம் படங்களைக் கையாளும் ImageMagick என்ற மென்பொருள் இருந்தால் ஒரே கட்டளை போதும்:

```
magick sheet.jpg -crop 6x8@ +repage -scene 1 tile_%02d.png
```

`6x8@` என்றால் ஆறு நிரல், எட்டு வரிசையாகச் சமமாக வெட்டு என்று பொருள். `-scene 1` இல்லாவிட்டால் எண் 00இல் தொடங்கும், பிறகு கணக்குப் போடும்போது ஒன்று ஒன்றாக இடிக்கும். இப்போது நான்காம் வரிசை மூன்றாம் நிரல் எந்தத் துண்டு? முன்னால் மூன்று முழு வரிசை, அதாவது 18. அதோடு 3 சேர்த்தால் 21. ஆக `tile_21.png`. அந்த இடத்துக்கு நான் r4c3 என்று பெயர் வைத்துக்கொண்டேன். கேமரா எண்ணை வைத்து இடத்தைக் குறிக்கக் கூடாது, ஏனென்றால் அந்த எண்ணையே நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

குறிப்பும் படமும் பொருந்தவில்லை, ஆனால் கீழ் வரிசைகளில் எல்லாம் சரியாக இருக்கிறது

என் முதல் நாள் முழுவதையும் தின்றது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேலே சொன்ன கட்டளையை ஓட்டிவிட்டு, சரியாக வெட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கடைசித் துண்டுகளைத் திறந்தேன். படம், அதன் கீழ் குறிப்பு, எல்லாம் கச்சிதம். சரி என்று முதலிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினேன். முதல் ஆறு துண்டில் குறிப்பே இல்லை. "முதல் வரிசைக்கு எழுத மறந்திருப்பார்" என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழாம் துண்டில் குறிப்பு இருந்தது. ஆனால் படத்துக்கு மேலே இருந்தது. படத்தில் இருந்த பறவைக்குக் கால் அறுந்திருந்தது. அப்போதாவது நின்றிருக்கவேண்டும். இவர் குறிப்பை மேலே போடுகிறவர் போலிருக்கிறது என்று தொடர்ந்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது என்னவென்றால், தாளின் உச்சியில் இடமும் நாளும் எழுதிய தலைப்புப் பட்டை ஒன்று இருந்தது, 228 பிக்சல் உயரம். அடியில் ஓரம் 80 பிக்சல். மீதி 3200ஐ எட்டால் வகுத்தால் ஒரு கட்டத்தின் உண்மையான உயரம் 400. ஆனால் கட்டளை மொத்த 3508ஐயும் எட்டால் வகுத்து, ஏறக்குறைய 438க்கு ஒரு வெட்டு போட்டது. முதல் வெட்டு 438இல் விழுந்தது. முதல் வரிசைக் குறிப்போ 628க்குச் சற்று மேலே இருக்கிறது. ஆகவே அது இரண்டாம் வரிசைத் துண்டின் நடுவில் போய் உட்கார்ந்தது, இரண்டாம் வரிசைப் படத்துக்கு நேர் மேலே. ஒவ்வொரு வரிசையிலும் வெட்டு 38 பிக்சல் முன்னேறி, ஆறாம் வரிசையில் உண்மையான கோட்டைப் பிடித்துவிட்டது. வெட்டு 2631, கோடு 2628. அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்குபோலவே தெரியும். நான் சரிபார்த்தது அந்தக் கடைசித் துண்டுகளைத்தான்.

எனவே வெட்டிய பிறகு ஐந்து துண்டைத் திறந்து பாருங்கள்: நான்கு மூலையும் நடுவும், மூலை காலியென்றால் அதற்கு அருகில் படம் இருக்கும் துண்டு. குறிப்பு ஐந்திலும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஓரங்களை அளந்து, முதலில் கட்டங்கள் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து, பிறகு துண்டு போடவேண்டும். இந்தத் தாளில் இடமும் வலமும் 40 பிக்சல் ஓரம்:

```
magick sheet.jpg -crop 2400x3200+40+228 +repage -crop 6x8@ +repage -scene 1 tile_%02d.png
```

ஒவ்வொரு துண்டும் 400 × 400 ஆக வந்தது. அளவு முழு எண்ணாக, எல்லாத் துண்டுக்கும் ஒன்றாக வந்தால் ஓரங்களைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

குறிப்பு படத்துக்கு மேலா கீழா என்ற சந்தேகம் வந்தால் வெட்டாத தாளுக்குத் திரும்புங்கள். முதல் வரிசைப் படங்களுக்கு மேலே எழுத்து வரிசை இல்லாமல், கடைசி வரிசைக்குக் கீழே இருந்தால், குறிப்பு கீழே. நடுவில் நின்று பார்த்தால் இரண்டு வரிசைக்கு இடையில் இருக்கும் எழுத்து யாருடையது என்று சொல்லவே முடியாது.

அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்திருந்தால் இதே கோளாறு வேறு உருவத்தில் வரும். இடப்பக்கத் துண்டுகளில் குறிப்பு சரியாக இருக்கும், வலப்பக்கம் போகப் போக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகும். தாள் கோணலாக வைக்கப்பட்டிருக்கிறது. அரை டிகிரி கோணல் போதும், 2480 பிக்சல் அகலத்தில் ஏறக்குறைய 22 பிக்சல் வித்தியாசம் வந்துவிடும். அது ஏறத்தாழ ஒரு வரி எழுத்தின் உயரம். முதலில் நிமிர்த்துங்கள், பிறகு வெட்டுங்கள்.

குறிப்பு மட்டும் இருந்தால் போதும், படம் கண்ணை இழுக்கிறது

படியெடுக்கும்போது படம் தெரியாமல் இருப்பதே நல்லது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். துண்டின் அடியில் 44 பிக்சல் பட்டையை மட்டும் எடுத்து நான்கு மடங்காக்கினேன்:

```
magick tile_*.png -gravity south -crop x44+0+0 +repage -resize 400% -scene 1 cap_%02d.png
```

இப்போது `cap_21.png` என்றால் r4c3இன் குறிப்பு மட்டும். ஒன்றைத் திற, படி, தட்டச்சு செய், மூடு, அடுத்ததைத் திற. பத்துக்கு ஒரு முறை எழுந்து கண்ணை நனைத்துக்கொள்வது என் வழக்கம்.

கொம்பு தவறான எழுத்தோடு ஒட்டியிருக்கிறது

தமிழில் குறிப்பு எழுதிய பழைய தாள்களில் இது அடிக்கடி வரும். தெரியாதவர்கள், எழுதியவருக்கு எழுத்துப்பிழை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு முதலில் தட்டியது "தாழைக்கோழி". அதைப் படித்தால் "தாழ" என்று நின்று, ஐகாரக் கொம்பு அடுத்த "க்"கோடு சேர்ந்து "கை" போலத் தெரிந்தது. "பெரிய" என்பதில் "ப" தனியாக நிற்க, ஒற்றைக் கொம்பு "ரி"க்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டுப் பத்துக் குறிப்பை அப்படியே, பார்த்த வரிசைப்படி தட்டச்சு செய்துவிட்டேன். அப்புறம்தான் "நாரை" வந்தது. "நார" முடிந்து, அதற்கு வலப்பக்கம் ஒரு ஐகாரக் கொம்பு அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் எதுவுமே இல்லை.

அப்படி எந்த மனிதரும் எழுத மாட்டார். மாமா பிழை செய்யவில்லை, படத்தாளை உருவாக்கிய மென்பொருள்தான் செய்திருக்கிறது. யூனிகோடில் "ரை" என்பது முதலில் "ர", பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பை எழுத்துக்கு இடப்பக்கம் தள்ளிவைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு தனக்குரிய எழுத்துக்கு வலப்பக்கம் போய் அடுத்த எழுத்தின் கொம்புபோல் நடிக்கும். ஒகர ஓகார எழுத்துகளில் கொம்பும் காலும் இரண்டுமே வலப்பக்கம் வரும். "கொக்கு" என்பதில் முதல் "க"வுக்குப் பின் கொம்பு, கால், பிறகு "க்கு" என்று நிற்பது அதனால்தான்.

கண்டுபிடிக்கும் வழி: சொல்லின் கடைசியில் ஐகாரமோ ஏகாரமோ வரும் ஒரு குறிப்பைத் தேடுங்கள். கொம்பு வெளியே தொங்கினால் தாள் முழுவதும் இதே கோளாறு. அப்படியென்றால் எல்லாக் கொம்பையும் அதன் இடப்பக்கத்து எழுத்துக்கே உரியதாகப் படிக்கவேண்டும். "பெரிய" என்றே தட்டச்சு செய்யவேண்டும். இது திருத்துவது ஆகாது. அவர் தட்டிய எழுத்துகளின் வரிசை சரியானதுதான், வரைந்ததுதான் தப்பு. உண்மையான எழுத்துப்பிழையை மட்டும் அப்படியே விட்டுவைக்கவேண்டும். ஓர் இடத்தில் அவர் "முக்குளிப்பன்" என்று கால் இல்லாமல் எழுதியிருந்தார். அதைத் தொடவில்லை.

"ர"வா காலா, "3"ஆ "8"ஆ?

சிறிய அளவில் "ர"வும் காலும் ஒன்றேபோல் இருக்கும். சொல் தெரிந்தால் தானாகத் தீர்ந்துவிடும். "பாம்புத்தாரா" என்பதைத் தமிழ் தெரிந்தவர் தப்பாகப் படிப்பது கடினம். தொல்லை எண்களில்தான், எண்ணுக்குப் பொருள் கிடையாதே.

அங்கே பக்கத்துக் கட்டங்கள் உதவும். கேமரா எண் ஏறிக்கொண்டே போகும், இடையில் அழித்த படங்களால் தாண்டலாம், திரும்பி வராது. r4c3இல் இருந்தது 0423ஆ 0428ஆ என்று தெரியவில்லை. r4c2 தெளிவாக 0424, r4c4 தெளிவாக 0431. எனவே 0423ஆக இருக்க முடியாது, 0428. முடிந்தது.

r6c2இல் 0443ஆ 0448ஆ என்று வந்தது. முன்னது 0442, பின்னது 0450. இரண்டுமே பொருந்துகின்றன. இங்கே நிறுத்திக்கொண்டு 044[?] என்று எழுதவேண்டும். இடையில் விடுபட்டது அதிகமா குறைவா என்று பார்த்து ஊகிப்பது வேண்டாம்.

குறிப்பு மூன்று புள்ளியில் முடிகிறது

"0433 அரிவாள் மூக்கன் - கூடு கட்ட…" என்று ஒன்று. மென்பொருள் இடம் போதாமல் வெட்டியது. வெட்டிய எழுத்துகள் படத்தில் எங்கும் ஒளிந்திருக்கவில்லை, எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் வராது. மூலக் கோப்பின் பெயரிலோ அதற்குள் இருக்கும் விவரத்திலோ மட்டும் இருக்கும். எங்களுக்கு மூலம் இல்லை. "கட்ட[துண்டிப்பு]" என்று எழுதினேன். "கட்டுகிறது" என்று முடிக்கக் கை பரபரத்தது. "கட்டக் குச்சி கொண்டுவருகிறது" என்றும் இருந்திருக்கலாமே.

எண்ணின் முன்னால் இருந்த 0 காணோம்

விரிதாளில் 0417 என்று தட்டினால் அது 417 ஆகிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்த நிரலை "உரை" வடிவத்துக்கு மாற்றுங்கள். பின்னால் மாற்றினால் போன 0 திரும்பாது.

மொத்தம் 44 தான் வருகிறது

45 வரவேண்டும். எனக்கு ஒன்று குறைந்தது. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ஒரே பறவை அடுத்தடுத்து வந்த இடத்தில் கண் தாவியிருக்கும். இரண்டாம் வரிசையில் "கூழைக்கடா" மூன்று முறை தொடர்ந்து வருகிறது, நான் இரண்டு முறை எழுதியிருந்தேன். r-c முகவரியை ஒவ்வொரு வரிக்கும் கையால் தட்டாமல் முன்கூட்டியே 48 வரியாக நிரப்பி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. காலிக் கட்டங்களுக்கும் வரி வேண்டும். r8c4, r8c5, r8c6 மூன்றிலும் [காலி] என்று இருக்கவேண்டும். வெறுமனே விட்டால், விட்டுப்போனதா உண்மையிலேயே காலியா என்று பின்னால் உங்களுக்கே தெரியாது.

ஒரே குறிப்பு இரண்டு இடத்தில் அப்படியே, எண்ணும் சேர்த்து வந்தால் அதுவும் கண் தாவியதுதான். பறவை ஒன்றாக இருக்கலாம், எண் ஒன்றாக இருக்காது.

சரிபார்க்கும்போது 48இலிருந்து 1க்குப் பின்னோக்கி வாருங்கள், ஒருவர் பட்டியலை வாசிக்க இன்னொருவர் துண்டைப் பார்க்கவேண்டும். முன்னோக்கிப் போனால் அடுத்து என்ன வரும் என்று வாய்க்கே தெரிந்துவிடுகிறது.

படத்தில் இருப்பது ஒன்று, குறிப்பில் இருப்பது வேறு

முதலில் மேலே சொன்ன வெட்டுக் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகும் பொருந்தாவிட்டால் எழுதியவர் தவறியிருக்கலாம், அல்லது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். r5c1இல் குறிப்பு "சின்னக் கொக்கு" என்கிறது. படத்தில் அலகு மஞ்சளாக இருக்கிறது, சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு. ஆனாலும் என் பட்டியலின் குறிப்பு நிரலில் "சின்னக் கொக்கு" என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் ஐயங்களுக்கென்று வைத்த தனி நிரலில் "அலகு மஞ்சள், உண்ணிக்கொக்கோ?" என்று எழுதினேன். படத்தை முதலில் பார்த்திருந்தால், மங்கலான எழுத்தைக்கூட "உண்ணிக்கொக்கு" என்றே படித்திருப்பேன். பட்டையை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

சுருக்கங்களையும் விரிக்கவேண்டாம். "பெ. நீர்க்காகம்" என்றால் "பெ. நீர்க்காகம்". "ந. நாரை" என்று ஒன்று இருக்கிறது. நத்தை குத்தியைச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அந்த நினைப்புக்கு இடம் ஐய நிரல்தான்.

பட்டியல் முடிந்தபோது மாமாவிடம் ஐய நிரலை மட்டும் தொலைபேசியில் வாசித்தோம். ஒன்பது ஐயம். ஐந்தை உடனே தீர்த்துவைத்தார், "ந. நாரை" உட்பட. மூன்றுக்கு நினைவில்லை என்றார். r6c2க்கு மட்டும், "0448 என்றே போடு, அதனால் என்ன" என்றார். பட்டியலில் இன்னும் 044[?] என்றுதான் இருக்கிறது.